அளவு சொல்லும் நான்கு ஆங்கிலச் சொற்கள்

மட்டக்களப்பு நகருக்கும் ஏறாவூருக்கும் இடையே, வாவியைத் தழுவி அமைந்துள்ள ஊர் தன்னாமுனை. வாவி முகத்துவாரத்தின் வழியே கடலோடு தொடர்புடையதாதலின், கோடையில் அதன் நீர் உவர்ப்பு மிகுந்திருக்கும். வடகீழ்ப் பருவமழை பெய்து வெள்ளம் வந்து சேர்ந்ததும் உவர்ப்புக் குறையும். அவ்வூர் மாணவன் ஒருவன் இச்செய்தியை ஆங்கிலத்தில் எழுத முற்படுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். 'வாவி நீர் குடிக்க முடியாத அளவுக்கு உப்பு' என்பதே அவன் சொல்ல விழைவது.

அவன் முதலில் எழுதுவது, 'த வாட்டர் இஸ் வெரி ஸால்ட்டி டு ட்ரிங்க்' என்பதாகும். 'வெரி' என்பது மிகுதியை மட்டுமே கூறும். அம்மிகுதியால் ஒரு செயல் தடைப்படுவதைக் கூறாது. அதனைக் கூறுவது 'டூ' என்னும் நெடிற்சொல். 'டூ ஸால்ட்டி டு ட்ரிங்க்' என்பதே திருத்தம். பெயரடைக்கு முன்னே 'டூ', பின்னே 'டு' என்னும் குறிலோடு வினை: இதுவே அமைப்பு. 'முடியாது' என்னும் மறுப்பு 'டூ' என்பதனுள்ளேயே அடங்கியிருப்பதால், தனியாக ஒரு மறுப்புச் சொல் வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் இரண்டு பிழைகள் நேர்வதுண்டு. ஒன்று, இறுதியில் 'இட்' சேர்த்து 'டு ட்ரிங்க் இட்' என எழுதுவது. குடிக்கப்படும் பொருளாகிய நீர் எழுவாயாக முன்னரே வந்துவிட்டமையால், அதனை மீண்டும் சுட்டுதல் கூடாது. மற்றொன்று, வெறும் மிகுதிக்கே 'டூ' என்று எழுதுவது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞனுக்கு நற்சான்று எழுதுபவர், 'ஹி இஸ் டூ ஆனஸ்ட்' என்று எழுதிவிட்டால், அவர் கருதியது 'மிக நேர்மையானவர்' என்பது. படிப்பவருக்குத் தோன்றுவதோ, 'அந்நேர்மை இவ்வேலைக்கு இடையூறு' என்பது. புகழுரை குறைகூறலாக மாறிவிடுகின்றது. 'எதற்கு மிகை?' என்று வினவிப் பார்த்தால் பிழை புலப்படும். விடை இல்லையெனில் அங்கே 'டூ' பொருந்தாது.

மழை பெய்து வாவி நிறைந்தபின், தோணி செல்லப் போதிய ஆழம் உண்டாகின்றது. மாணவன் 'இனஃப் டீப்' என்று எழுதுகின்றான். தமிழில் 'போதிய' என்பது முன்னே நிற்பதால் வந்த மயக்கம் இது. ஆங்கிலத்தில் பெயரடைக்குப் பின்னரே 'இனஃப்' வரும்: 'டீப் இனஃப் ஃபார் எ போட்'. பெயர்ச்சொல்லாயின் முன்னே வரும்: 'இனஃப் வாட்டர்'. ஆழமுடைமை எனில் பின், நீர் எனில் முன், இவ்வளவே வேறுபாடு.

இனி, 'ஸோ', 'சச்' என்னும் இரண்டும் 'அவ்வளவு' என்னும் பொருளுடையன. பெயரடை தனித்து நின்றால் 'ஸோ'. பெயரடையோடு பெயர்ச்சொல்லும் சேர்ந்து வந்தால் 'சச்'. 'த ஃபிஷ் வாஸ் ஸோ பிக்' என்பது சரி. மீனைப் பின்னே வைத்தால் 'இட் வாஸ் சச் எ பிக் ஃபிஷ்' என்றாகும். ஒன்றைக் குறிக்கும் 'எ' என்னும் சிறுசொல் 'சச்' என்பதற்குப் பின்னரே நிற்கும். 'எ சச் பிக் ஃபிஷ்' என்பது வழு. எண்ணப்படாத நீருக்கு அந்த 'எ' வாராது: 'சச் ஸால்ட்டி வாட்டர்'. ஆனால் 'மெனி', 'மச்' என்னும் அளவுச் சொற்கள் பெயர்ச்சொல்லோடு வந்தாலும் 'ஸோ' என்பதையே ஏற்கும்: 'ஸோ மெனி ஃபிஷ்', 'ஸோ மச் வாட்டர்'.

விளைவைக் கூற இவ்விரண்டும் 'தட்' என்பதை வேண்டும். முதல் வாக்கியத்தையே மாற்றினால், 'த வாட்டர் இஸ் ஸோ ஸால்ட்டி தட் வீ கனாட் ட்ரிங்க் இட்' என்று வரும். இங்கே 'தட்' என்பதன் பின்னே ஒரு முழு வாக்கியம் வருகின்றது. ஆதலின் 'டூ' விலக்கிய மறுப்பும் 'இட்' என்பதும் இங்கே இன்றியமையாதனவாகின்றன. 'டூ ஸால்ட்டி தட்' என்று இரண்டையும் கலந்து எழுதுவதே தேர்வுத் தாள்களில் காணும் பிழை. 'டூ' எனத் தொடங்கினால் 'டு' என முடிக்க வேண்டும். 'ஸோ' எனத் தொடங்கினால் 'தட்' என முடிக்க வேண்டும். வாவி நீர் ஒன்றே. அதைக் கூறும் வழிகள் இரண்டு. ஒன்றின் தலையை மற்றதன் வாலோடு பொருத்தாதிருத்தலே மாணவன் நினைவிற் கொள்ள வேண்டுவது.