ஐன்ஸ்டைனைக் கணக்குப் போட வைத்த மேடு

உளவியல் அறிஞர் மாக்ஸ் வெர்தைமர் 1934-இல் நண்பர் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கணக்கு அனுப்பினார். ஒரு பழைய கார் ஒரு மைல் மேடேறி, ஒரு மைல் இறங்க வேண்டும். ஏறும்போது வேகம் மணிக்கு 15 மைல். மொத்தச் சராசரி 30 மைலாக வேண்டுமானால், இறங்கும் வேகம் என்ன?

பலரும் சட்டென்று 45 என்பார்கள். 15-ஐயும் 45-ஐயும் கூட்டினால் 60, அதில் பாதி 30 அல்லவா?

கடிகாரம் வேறு கணக்குச் சொல்கிறது. சராசரி 30 வேண்டுமென்றால் இரண்டு மைலையும் 4 நிமிடத்தில் முடிக்க வேண்டும். மேடேறவே அந்த 4 நிமிடமும் போய்விட்டது! இறங்க நேரமே மிச்சமில்லை. எந்த வேகமும் உதவாது. கணக்குப் போட்ட பிறகுதான் தமக்கே இது புரிந்ததாக ஐன்ஸ்டைன் பதில் எழுதினார்.

45 மைலில் இறங்கினால் 80 விநாடி. ஏறியதோ 240 விநாடி. மெதுவான வேகத்தில் மூன்று மடங்கு நேரம் ஓடியதால், சராசரியும் அந்தப் பக்கமே சாய்ந்து 22.5 ஆகிறது.

நம் ஊர்ப் பயணமும் இப்படித்தான். 120 கிலோமீட்டரை 40-இல் போய் 60-இல் திரும்பினால், 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம். சராசரி 50 அல்ல, 48.