பெரியம்மாவும் ஆறு லட்சம் நிலுவையும்

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லில் ஆரம்பிக்கிறேன்: நிலுவை.

நான் ஒரு வங்கியின் துண்டறிக்கைகள், கடிதங்கள், ஆப்பில் வரும் வாசகங்கள் எல்லாத்தையும் தமிழாக்கம் செய்கிற குழுவில் வேலை பார்க்கிறேன். ஒரு ஏப்ரல் மாசம் பெரியம்மாவிடமிருந்து போன். குரலே சரியில்லை. "ஏம்ப்பா, அஞ்சு வருஷமா ஒரு தவணைகூடத் தவறல. ஆறு லட்சத்து நாற்பதாயிரம் நிலுவைன்னு லெட்டர் போட்டிருக்காங்க. வீட்டை ஜப்தி பண்ணிடுவாங்களா?"

லெட்டரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் எனக்கு வேர்த்துப்போச்சு. அது எங்க குழு மொழிபெயர்த்த கடிதம். ஆங்கிலத்தில் அவுட்ஸ்டேண்டிங் பேலன்ஸ் என்று இருந்ததை நாங்கள் 'நிலுவை' என்று போட்டிருந்தோம். வங்கி சொல்ல வந்தது இதுதான்: நீங்க வாங்கின வீட்டுக் கடனில் இன்னும் கட்ட வேண்டியது இவ்வளவு, அதுக்கான நாள் இன்னும் வரல. ஆனா நம்ம ஊரில் வரி நிலுவை, கரண்ட் பில் நிலுவை, சம்பள நிலுவை என்றுதானே கேட்டுப் பழக்கம்? அந்தச் சொல்லைப் பார்த்தாலே கெடு தாண்டிப்போச்சு என்றுதான் காதில் விழும். பெரியம்மா படிச்சதில் தப்பே இல்லை.

அடுத்த நாள் ஆபீஸில் எங்க பழைய வேலையை எல்லாம் எடுத்து வைத்து 'நிலுவை' எங்கே எல்லாம் வருது என்று தேடினேன். வீட்டுக் கடன் கடிதத்தில் அது மீதமுள்ள கடன். கிரெடிட் கார்டு துண்டறிக்கையில் கெடு தாண்டிய தொகை. சேமிப்புக் கணக்கு துண்டறிக்கையில் 'குறைந்தபட்ச நிலுவை' என்று ஒன்று. அதாவது கணக்கில் நீங்க வைத்திருக்க வேண்டிய உங்க சொந்தப் பணம்! ஒரே சொல், மூணு அர்த்தம். தலைகீழாகவும் இருந்தது: கணக்கில் இருக்கிற பணத்துக்கு ஆப்பில் 'இருப்பு', குறுஞ்செய்தியில் 'மீதி', பாஸ்புக் விளக்கத்தில் 'நிலுவை'. மூணு பேர் மூணு வருஷத்தில் செய்த வேலை. யாருமே சோம்பேறி இல்லை. பொதுவான ஒரு பட்டியல் இல்லை, அவ்வளவுதான்.

சரி, பட்டியல் போடலாம் என்று உட்கார்ந்தோம். முதல் முயற்சியிலேயே சறுக்கினோம். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ச் சொல் என்று அகராதி மாதிரி ஆரம்பித்தோம். 'பேலன்ஸ்' வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டது. வலது பக்கம் எதைப் போடுவது? ஆங்கிலச் சொல் ஒன்றுதான், ஆனா அதுக்குள்ளே இருக்கிற கருத்துகள் மூணு. அப்பதான் புரிந்தது, பட்டியலின் முதல் பத்தியில் ஆங்கிலச் சொல் இருக்கக் கூடாது. அர்த்தம் இருக்கணும்.

அதனால் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அர்த்தத்தை ஒரே வரியில் தமிழில் எழுதினோம். கணக்கில் இப்போது உள்ள பணம்: 'இருப்பு'. கட்டாயம் வைத்திருக்க வேண்டிய பணம்: 'குறைந்தபட்ச இருப்பு'. வாங்கிய கடனில் இன்னும் அடைபடாத பகுதி: 'மீதமுள்ள கடன்'. கெடு தாண்டியும் கட்டாத தொகை: இதுக்கு மட்டும் 'நிலுவை'. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே 'பயன்படுத்தக் கூடாத சொல்' என்று ஒரு கட்டம், ஏன் கூடாது என்று அரை வரி. அந்தக் கட்டம்தான் பட்டியலிலேயே அதிகம் உதவுவது. புதுசா வருகிறவர் ஆறு மாசம் கழித்து "மீதின்னே போடலாமே?" என்று கேட்கும்போது பதில் அங்கேயே தயாராக இருக்கும்.

சாஃப்ட்வேர் சொற்கள் உள்ளே வந்ததும் இன்னொரு சிக்கல். வங்கி ஆப்பில் ரெண்டு உலகமும் ஒரே திரையில் இருக்கிறது. செக்யூரிட்டி என்ற சொல்லை எடுத்துக்குங்க. ஆப் அமைப்புகளில் அது 'பாதுகாப்பு'. பின் நம்பர், கைரேகை, அந்த விஷயம். கடன் பிரிவில் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு: கடனுக்கு ஈடாக வைக்கும் நகையோ வீடோ. இதைக் கவனிக்காமல் ஈடு கேட்காத கடனை 'பாதுகாப்பற்ற கடன்' என்று எழுதியிருந்தோம். யோசிச்சுப் பாருங்க, "எங்களிடம் பாதுகாப்பற்ற கடன் கிடைக்கும்" என்று ஒரு வங்கியே விளம்பரம் செய்தால் யார் உள்ளே வருவாங்க? இப்போது அது 'ஈடில்லாக் கடன்'. பட்டியலில் ரெண்டும் தனித்தனி எண்.

எல்லாத்தையும் தமிழில்தான் சொல்லணும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. 'பற்று அட்டை' என்று எழுதினால் கவுன்டரில் இருப்பவருக்கே ஒரு நொடி ஆகிறது. கார்டை நீட்டுகிறவர் 'டெபிட் கார்டு' என்றுதான் கேட்கிறார். அதனால் அதையே வைத்தோம். ஆனா எதை வைத்தாலும் ஒன்றுதான், எல்லா இடத்திலும் அதுதான்.

பட்டியல் தயார். யாராவது மீறினால் எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் தமிழ் கொஞ்சம் விளையாடுகிறது. 'வட்டி விகிதம்' என்று தேடினால் 'வட்டி விகிதத்தில்' சிக்காது, ஏன்னா வேற்றுமை உருபு சேரும்போது 'ம்' போயிடுது. அதனால் 'வட்டி விகித' என்று அடிச்சொல்லோடு நிறுத்தித் தேடணும். 'சேமிப்புக் கணக்கு' இன்னும் மோசம். சிலர் நடுவில் 'க்' போடுவாங்க, சிலர் விட்டுடுவாங்க. நாங்கள் எழுதிய தேடல் இது:

```
சேமிப்பு(க்)?\s*கணக்க
```

அடைப்புக்குறி இல்லாமல் `க்?` என்று எழுதி ஒரு நாள் முழுக்க முழிச்சேன். 'க்' நம்ம கண்ணுக்கு ஒரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது 'க' ஒன்று, புள்ளி ஒன்று என ரெண்டு. கேள்விக்குறி புள்ளிக்கு மட்டும் விலக்கு கொடுத்துட்டு 'க'வைக் கட்டாயமாக்கிடும். கடைசியில் 'கணக்க' என்று நிறுத்தியதும் அதே காரணத்துக்காகத்தான். உகரக் குறியும் தனி என்பதால் கணக்கு, கணக்கில், கணக்கை மூணுமே அதில் சிக்கும்.

இன்னொரு விஷயம், சட்டப் பிரிவு. கடன் வாங்குபவருக்குக் கொடுக்கும் முக்கிய விவரத் தாள் அவருக்குப் புரியும் மொழியில் இருக்கணும் என்று ரிசர்வ் வங்கி 2024-இல் சொல்லிவிட்டது. அந்தத் தாளில் ஒரு சொல், துண்டறிக்கையில் வேறு சொல் என்றால் நாளைக்குத் தகராறு வரும். அதனால் சட்டப் பிரிவில் ஒருவர் கையெழுத்துப் போடாமல் எந்தச் சொல்லும் பட்டியலில் ஏறாது, மாறவும் மாறாது. மாறினால் தேதியோடு பதிவாகும்.

இதால் எல்லாம் சரியாகிடுச்சா? இல்லை. ஏற்கெனவே அச்சடித்த படிவங்கள் கிளைகளில் கட்டுக்கட்டாக இருக்கிறது. பழைய ஒப்பந்தங்களில் பழைய சொல்தான் செல்லும். அதுக்காகப் பட்டியலில் 'பழைய படிவங்களில் மட்டும்' என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறோம், வாடிக்கையாளர் கேட்டால் கவுன்டரில் விளக்க.

இந்த ஏப்ரலும் பெரியம்மாவுக்கு லெட்டர் வந்தது. 'மீதமுள்ள கடன்' என்று ஒரு வரி. அதுக்குக் கீழே 'நிலுவை: இல்லை' என்று இன்னொரு வரி. இந்தத் தடவை அவங்க போன் பண்ணவே இல்லை. நான்தான் பண்ணிக் கேட்டேன். "லெட்டர் வந்துதுப்பா, படிச்சுட்டு பீரோவுல வச்சுட்டேன்"னாங்க.