வெறும் ‘ரிமைண்டர்’

திருப்பூரில் லேபிள் அச்சடிக்கும் சிறு அச்சகம் ஒன்று. 48,000 ரூபாய் பாக்கிக்காக உரிமையாளர் அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது ‘ரிமைண்டர்’ என்ற ஒரே சொல். எந்த பில் என்று தேட வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவில் யாருக்கு நேரம்?

மறுபடி எழுதினார்: “வணக்கம். ஜூன் 3 தேதியிட்ட 112-ஆம் எண் பில், 48,000 ரூபாய். ஜூலை 3 கெடு முடிந்து 12 நாளாகிறது. ஜூலை 22-க்குள் செலுத்த வேண்டுகிறோம். பில்லில் குறை இருந்தால் நாளைக்குள் தெரிவியுங்கள். நகல் இணைப்பில்.”

கெஞ்சலுமில்லை, கோபமுமில்லை. தட்டிக்கழிக்கவும் வழியில்லை.

உத்யம் பதிவுள்ள குறு, சிறு தொழில்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டமும் துணை. ஒப்பந்தம் எதுவானாலும், சரக்கை ஏற்றபின் 45 நாளுக்கு மேல் இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. முதல் மடலிலேயே அதைக் காட்டினால் மிரட்டலாகப் படும். அடுத்த மடலுக்கு வைத்திருங்கள். உத்யம் எண்ணை மட்டும் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள்.