'இல்லை'யைத் தூக்கிவிடலாமா? தமிழ் ஸ்டாப் வேர்டு கதை

இன்னைக்கு ஒரு சின்னப் பட்டியலைப் பத்திப் பேசப்போறோம். கம்ப்யூட்டர் ஒரு கட்டுரை எதைப் பத்தினதுன்னு கண்டுபிடிக்கணும்னா, எல்லாக் கட்டுரையிலும் வர்ற பொதுவான சொற்களை முதலில் ஒதுக்கிவைப்போம். அவைதான் ஸ்டாப் வேர்டுகள். ஆங்கிலத்துக்கு ரெடிமேடாகப் பட்டியல் கிடைக்கிறது. அதை அப்படியே தமிழில் மொழிபெயர்த்தால் வேலை முடிந்ததுதானே?

முடியாது. ஆங்கிலத்தில் 'இன் த ஹவுஸ்' என்பது மூன்று சொல். நமக்கு 'வீட்டில்', ஒரே சொல். 'த'வுக்குத் தமிழில் வேலையே இல்லை. 'இன்' என்பது 'இல்' ஆகி, வீட்டோடு ஒட்டிக்கொண்டது. பட்டியலில் 'இல்' என்று எழுதிவைத்தாலும், 'வீட்டில்' என்பதற்குள் ஒட்டியிருக்கும் 'இல்' அதில் சிக்காது. இன்னொரு பக்கம், நாம் வரிக்கு வரி எழுதும் 'என்று', 'குறித்து', 'வேண்டும்' எல்லாம் அந்த மொழிபெயர்ப்பில் விட்டுப்போகலாம். அதனால் தமிழ் உரைகளையே எண்ணிப் பார்ப்பதுதான் வழி.

எண்ண ஆரம்பித்ததும் ஒரு பள்ளம் இருக்கிறது. பைத்தானில் சொல் பிரிக்க எல்லோரும் போடுகிற பேட்டர்ன், தமிழின் புள்ளியையும் கால், கொம்பு போன்ற துணைக்குறிகளையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. இதைப் பாருங்கள்:

```python
import re
re.findall(r'\w+', 'என்று')
# ['என', 'ற']
re.findall(r'[\u0B80-\u0BFF]+', 'என்று')
# ['என்று']
```

எர்ரர் எதுவும் வராது, அதுதான் ஆபத்து. உங்கள் பட்டியலின் உச்சியில் 'ற', 'க', 'த' என்று ஒற்றை எழுத்துகள் வந்து உட்கார்ந்திருந்தால், சொற்கள் உடைந்துவிட்டன என்று புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது ஒற்று. 'இந்தப் படம்', 'இந்தக் கதை', 'இந்தச் செய்தி', 'இந்தத் தெரு', 'இந்த வீடு'. நமக்கு எல்லாமே 'இந்த'தான். கம்ப்யூட்டருக்கு ஐந்து வேறு சொற்கள். ஒரே சொல்லின் எண்ணிக்கை ஐந்தாகப் பங்குபோனால் அது பட்டியலில் கீழே இறங்கிவிடும். ஒரு சொல் க், ச், த், ப் என்று முடிந்து, அடுத்த சொல்லும் அதே எழுத்தின் வரிசையில் தொடங்கினால் மட்டும் அந்த ஒற்றை வெட்டிவிடுங்கள். அடுத்த சொல்லைப் பார்க்காமல் வெட்டினால் 'ஃபேஸ்புக்' 'ஃபேஸ்பு' ஆகிவிடும்.

சரி, இப்போ எதை எண்ணுவது? மொத்தம் எத்தனை தடவை வந்தது என்பதையா, எத்தனை கட்டுரைகளில் வந்தது என்பதையா? ஒரு கணக்குக்காக 1000 செய்திகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'ரன்' என்ற சொல் 1200 தடவை வருகிறது, ஆனால் 60 கிரிக்கெட் செய்திகளில் மட்டும். 'ஆனால்' என்ற சொல் 500 தடவைதான், ஆனால் 400 செய்திகளில் பரவிக் கிடக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் 'ரன்' ஸ்டாப் வேர்டு ஆகிவிடும். அதைத் தூக்கினால் விளையாட்டுச் செய்தியை எப்படி அடையாளம் காண்பது? பரவலைப் பார்த்தால் 'ஆனால்' மேலே வரும், 'ரன்' தப்பிக்கும். இதிலும் ஒரு பொறி உண்டு: 'மேலும் படிக்க' மாதிரி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வரும் வரிகளை முதலிலேயே நீக்கிவிடணும். இல்லாவிட்டால் 'படிக்க' என்ற சொல் 1000 செய்தியிலும் இருப்பதாகக் கணக்கு காட்டும்.

இப்படி வர்ற முதல் 200 சொற்களை எடுத்து, கடைசியாக ஒரு மனுஷன் உட்கார்ந்து வாசிக்கணும். ஏனென்றால் எவ்வளவு சரியாக எண்ணினாலும் 'இல்லை' மேலேதான் வரும். அது நிறைய இடங்களில் வர்ற சொல்தான். செய்தியைத் தலைப்புவாரியாகப் பிரிக்க அதைத் தூக்கினால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் சினிமா விமர்சனங்களைப் பாராட்டு, திட்டு என்று பிரிக்கப் போனால்? 'படம் நல்லா இல்லை' என்பது 'படம் நல்லா' ஆகிவிடும். திட்டினவர் பாராட்டினவர் ஆகிவிடுவார்.

செய்தியில் எடுத்த பட்டியல் கமெண்டுகளுக்குப் பொருந்தாமல் போவதும் இதே கதைதான். அங்கே 'என்று' எழுதுபவர் குறைவு, 'னு', 'ன்னு'தான் அதிகம். எந்த உரையில் வேலை செய்யப்போகிறீர்களோ, அந்த உரையிலேயே எண்ணுங்கள்.

பட்டியல் தயாரானதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே உரையிலிருந்து 50 வாக்கியங்களை எடுத்து, பட்டியலில் உள்ள சொற்களை அழித்துவிட்டு, மிச்சத்தை நண்பரிடம் வாசிக்கக் கொடுங்கள். எதைப் பத்திப் பேசுகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால் பட்டியல் தேறிவிட்டது. அவர் தடுமாறுகிற வாக்கியத்தில் நீங்கள் அழித்த சொல் எது என்று பாருங்கள். பட்டியலிலிருந்து எடுக்கவேண்டிய சொல் அதுதான்.