செக்ரோலில் ஏறாத பேர்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தொழில் பார்க்கும் பெண்களுக்குப் பயன்படும் ஒரு விடயத்தைப் பேசுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டார். பழைய மாணவிகள் கூடும்போதெல்லாம் தேநீர் வேளையில் தாழ்ந்த குரலில் பேசப்படும் ஒரு விடயத்தையே எடுத்துக்கொள்கிறோம். நாம் செய்த வேலையை உடன் வேலை செய்பவர் ஒருவர் மேலதிகாரிகள் முன்னால் தன்னுடையதாகச் சொல்லிவிடுகிறார். நாமும் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். அப்போது என்ன செய்வது?

இதை நம் தாய்மார் நன்கு அறிவார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது அவர்கள் தராசையும் பார்ப்பார்கள், எழுதுகிறவரின் கையையும் பார்ப்பார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர். செக்ரோலில் ஏறாவிட்டால் பேரே இல்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கே "பேர்" என்றுதான் சொல். உழைப்பும் பெயரும் ஒன்றென்பதை நாம் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கேட்டு வளர்ந்தவர்கள். தவறு நடந்தால் அங்கேயே, கூடை இறங்கும்போதே கேட்க வேண்டும், மறுநாள் கேட்டால் கதை முடிந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். படித்து உத்தியோகத்துக்கு வந்த நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம். இடமும் ஆளும் வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன்பு, தோட்டப் பகுதிக் கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தச்சோகை பற்றி ஒரு கணக்கெடுப்புச் செய்தோம். நாங்கள் என்பது ஒரு வைத்தியரும் இரண்டு குடும்ப நல உத்தியோகத்தர்களும். கிளினிக்கில் எழுதப்பட்ட ஹீமோகுளோபின் அளவுகளைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து அட்டவணை போட்டோம். கர்ப்பிணிக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்பது அப்போதைய பொது விதி. ஆனால் உயரமான இடத்தில் காற்றில் கிடைக்கும் ஒட்சிசன் குறைவு. அதை ஈடுசெய்ய உடல் ஹீமோகுளோபினைச் சற்றுக் கூட்டிக்கொள்கிறது. ஆகவே அளந்த எண்ணிலிருந்து உயரத்துக்கேற்ப ஒரு தொகையைக் கழித்த பிறகே 11 உடன் ஒப்பிட வேண்டியிருந்தது. நாங்கள் பின்பற்றிய உலக சுகாதார நிறுவன அட்டவணையில் 1500 மீற்றருக்கு அந்தக் கழிவு 0.5 கிராம். 11.3 என்று வரும் ஒரு தாய் கொழும்பில் நலமானவர். அந்த அட்டவணைப்படி நம் மேற்பிரிவுத் தோட்டத்தில் அவருடைய உண்மையான நிலை 10.8. அவருக்குச் சிகிச்சை வேண்டும். இதற்காகத்தான் எங்கள் அட்டவணையில் இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்று அளந்தது, மற்றது திருத்தியது.

மேலதிகாரிகள் வந்த மீளாய்வுக் கூட்டத்தில் எங்களோடு வேலை செய்த இன்னொரு வைத்தியர் அந்த அட்டவணையைத் திரையில் போட்டார். "நான் செய்த ஆய்வு" என்றார். பாராட்டுக் கிடைத்தது. எங்களுக்கு முகம் சிவந்தது, வாய் திறக்கவில்லை. அதைவிட முக்கியமானது வேறொன்று. இரண்டாவது நிரல் எதற்கென்று அவருக்குத் தெரியாது. குழப்பமாக இருக்கிறதென்று அதை நீக்கிவிட்டிருந்தார். திருத்தாத எண்களை வைத்து, மேற்பிரிவுத் தோட்டங்களில் பிரச்சினை குறைவு, கீழ்ப்பிரிவுகளுக்கு முதலிடம் கொடுக்கலாம் என்று அந்த அறையில் பேசி முடித்தார்கள்.

அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. வேலையை எடுத்துக்கொள்பவர் முடிவை மட்டுமே எடுத்துக்கொள்கிறார். அது எப்படி வந்தது, எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது செய்தவரிடமே தங்கிவிடுகிறது. நாம் மௌனமாக இருந்தால் அந்த அறிவும் மௌனமாகிவிடுகிறது. அதற்கான விலையை அந்த 11.3 தாயும் சேர்ந்து கொடுக்கிறார்.

வைத்திய உலகில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். பின்னர் அமெரிக்கா சென்று, மருத்துவமனையில் இரவுவேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொஸ்பரசை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டார்கள். கட்டுரையில் இரண்டு பெயரும் இருந்தன. ஆய்வுகூட நூல்களில் அது இன்றைக்கும் "ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை"தான். எவராலும் அந்தப் பெயரைப் பிரிக்க முடியவில்லை.

அதே கூடத்தில் சுப்பாராவ் பிரித்தெடுத்த வேறு சில பொருட்களின் கதை வேறு. அவை அச்சேறவில்லை. பொறாமையால் ஃபிஸ்க் அவற்றை வெளிவர விடவில்லை போலும், அதனால் பல வருடங்கள் கழித்து மற்றவர்கள் அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க நேர்ந்தது என்று ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் பின்னாளில் சொன்னார். அவரும் அதே துறையில் மாணவராக இருந்தவர், 1988இல் நோபல் பரிசு பெற்றவர். ஒரே மனிதர், ஒரே ஆய்வுகூடம். எழுத்தில் பெயரோடு ஏறிய வேலை நூறு வருடம் நிற்கிறது. ஏறாத வேலையை உலகம் இரண்டாம் முறை செய்ய வேண்டி வந்தது.

சுப்பாராவ் 1940இல் ஹார்வர்டை விட்டு லெடர்லே ஆய்வுகூடத்துக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. நம் கிளினிக்குகளில் தாய்மாருக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். 1945இல் அதை அறிவித்த கட்டுரையில் பதினைந்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. தலைவரான சுப்பாராவின் பெயர் அவற்றின் நடுவே ஒன்றாக இருக்கிறது.

இனி, நாங்கள் செய்ததையும் செய்திருக்க வேண்டியதையும் சொல்கிறோம்.

முதலாவது, அந்த அறையிலேயே ஒரு வசனம். குற்றம் சாட்ட வேண்டாம். "சேர், இந்த அட்டவணையை நாங்கள் மூவரும் தயாரித்தோம். உயரத்துக்குத் திருத்திய நிரல் இதில் விடுபட்டிருக்கிறது. ஒரு நிமிடத்தில் விளக்கலாமா?" இதில் யாரையும் கள்வர் என்று சொல்லவில்லை. ஆனால் செய்தது யாரென்பது அறைக்குத் தெரிந்துவிடும், முடிவும் திருந்தும். வேலையின் உள்ளே இருக்கும் ஒரு நுணுக்கத்தைத் தொட்டுப் பேசுங்கள். அதைச் செய்தவரால் மட்டுமே பேச முடியும். நாங்கள் அன்று இதைச் செய்யவில்லை. அது எங்கள் பிழை.

இரண்டாவது, அன்றைக்கே அவரைத் தனியாகக் காண்பது. நாங்கள் போனோம். "நேரம் போதவில்லை, பெயர் சொல்ல மறந்துவிட்டேன்" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். அதனால் "அப்படியானால் இன்றைக்கே ஒரு குறிப்பு அனுப்பிவிடுங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்" என்றோம். மறந்தவர் அனுப்பிவிடுவார். எடுத்துக்கொண்டவர் நாள் கடத்துவார். வித்தியாசம் அங்கே தெரியும். எங்களுக்கு நாள் கடந்தது.

மூன்றாவது, ஒரு வாரத்துக்குள் கடிதம். ஒரே பக்கம். என்ன செய்தோம், எந்தத் திகதிகளில், யார் யார், திரையில் எது விடுபட்டது, அதனால் எந்த முடிவு மாற வேண்டும். கோபம் ஒரு வரிகூட வேண்டாம். திருத்திய அட்டவணையை இணைத்தோம். மேற்பிரிவுகள் மீண்டும் பட்டியலில் சேர்ந்தன. எங்கள் பெயர் அடுத்த அறிக்கையின் அடிக்குறிப்பில் வந்தது. கூட்டத்தில் கிடைத்த பாராட்டு திரும்பி வரவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவற்றைவிட எளியது முன்கூட்டியே செய்வது. முதல் வரைவின் முதல் பக்கத்திலேயே பெயர்களையும் திகதியையும் எழுதுங்கள். கூட்டத்துக்கு முன்னரே அதைப் பொறுப்பதிகாரிக்கு நேரடியாக அனுப்பிவிடுங்கள். யார் வாசிப்பார் என்பதையும் அதில் கேட்டுவிடுங்கள்.

எடுத்துக்கொள்பவர் நம் மேலதிகாரியே என்றால் இந்த வழிகள் எல்லாம் சரிவராது. இடமாற்றமும் சிபாரிசும் அவர் கையில். அப்போது திகதியிட்ட பிரதியை வைத்துக்கொண்டு, உண்மை தெரிந்த இன்னொருவரை அருகில் வைத்துக்கொண்டு, பொறுத்த நேரத்தில் பேசுவதுதான் புத்தி. அதைக் கோழைத்தனம் என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. அதேபோல், பேச்சுவாக்கில் ஒரு யோசனையை மட்டும் சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் மற்றவர் உழைத்த வேலையை நம்முடையது என்று கேட்பதும் நியாயமல்ல.

கடைசியாக ஒன்று. அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது எங்கள் பழைய வரைவுகளைத் தேடி எடுத்தோம். முதல் வரைவில் வைத்தியரின் பெயர் மட்டுமே இருந்தது. லயம் லயமாக ஏறி இறங்கி, கிளினிக்குக்கு வராத தாய்மாரின் அட்டைகளைத் தேடிப் பிடித்த அந்த இரண்டு குடும்ப நல உத்தியோகத்தர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. மறந்துவிட்டோம். நம் சக வைத்தியர் சொன்ன அதே சொல்.

அவர்கள் இருவரிடமும் போய்ச் சொன்னோம். ஒருவர் சிரித்தார். "எங்களுக்கு அது பழக்கம்தானே, மிஸ்" என்றார். அந்தச் சிரிப்பு எங்களுக்குக் கூட்டத்தில் பட்ட அவமானத்தைவிட அதிகம் வலித்தது. கடிதத்தில் முதலில் அவர்கள் இருவரின் பெயர்களையும், பிறகு வைத்தியரின் பெயரையும் எழுதினோம்.

மடுவத்தில் நம் தாய்மார் தங்கள் கூடைக்காக மட்டும் குரல் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவளின் கிலோ குறைத்து எழுதப்பட்டாலும் கேட்டார்கள். இங்கே கூடியிருக்கும் நம்மில் பலர் இன்று தராசின் மறுபக்கம், எழுதும் இடத்தில் இருக்கிறோம். அடுத்த அறிக்கையில் யார் யார் பேர் ஏறியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கையொப்பமிடுவோம்.