வரவா, செலவா?



உங்கள் பாட்டனார் காலத்தில் வெளியூரிலிருந்து பணம் வருவதென்றால், தபால்காரர் மணியார்டர் பாரத்துடன் வாசலில் வந்து நிற்பார். பெற்றுக்கொள்பவர் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே பணம் கைக்கு வரும். அதே தபால்காரர் வேறொரு நாள் வி.பி.பி. பார்சல் ஒன்றைக் கொண்டுவருவார். அதற்கும் கையெழுத்து உண்டு. ஆனால் அன்று பணம் கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர். வாசல் ஒன்று, கையெழுத்தும் ஒன்று. எனினும் ஒன்று வரவு, மற்றொன்று செலவு. இதில் எவரும் மயங்கியதில்லை. நோட்டுகளை எண்ணிக் கொடுப்பவர் யார் என்பது கண்ணெதிரே தெரிந்ததன்றோ?

இன்று கைபேசியில் அந்த எண்ணிக் கொடுத்தல் கண்ணுக்குத் தெரிவதில்லை. மயக்கம் புகுந்தது அங்கேதான்.

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் 2023ஆம் ஆண்டில் தம்முடைய சைக்கிளை 4,000 ரூபாய்க்கு விற்பதாக இணையத்தில் விளம்பரம் செய்திருந்தார். அவருடைய வங்கிக் கணக்கில் அன்று இருந்தது 6,340 ரூபாய். ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பேரம் பேசவில்லை. "நான் வெளியூரில் இருக்கிறேன், தம்பி. பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன், நாளை என் ஆள் வந்து வண்டியை எடுத்துக்கொள்வான்" என்றார். பேரம் பேசாமல் பழைய சைக்கிள் வாங்குகிறவரைப் பற்றிச் சற்றே ஐயுற்றிருக்கலாம். ஆனால் விற்கிற அவசரத்தில் அது யாருக்குத் தோன்றும்?

முதலில், "சரியான கணக்குதானா என்று பார்க்கிறேன்" எனச் சொல்லி அவர் ஒரு ரூபாய் அனுப்பினார். அது உண்மையாகவே வந்து சேர்ந்தது. இருப்பு 6,341 ஆயிற்று. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒரு ரூபாயைப் பெறுவதற்கு மாணவர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. எந்த இரகசிய எண்ணையும் இடவில்லை. ஆயினும் பணம் வந்தது என்ற மகிழ்ச்சியில், எவ்வாறு வந்தது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்து ஓர் அறிவிப்பு வந்தது. தொகை 2,000 ரூபாய். கீழே "சைக்கிள் பணம் வரவு" என்று ஒரு குறிப்பு. "அதை ஏற்றுக்கொண்டு உங்கள் இரகசிய எண்ணை இடுங்கள், தம்பி. கணக்கில் சேர்ந்துவிடும்" என்றார் அழைத்தவர். மாணவர் அவ்வாறே செய்தார். இருப்பு 4,341 ஆகிவிட்டது. பதறிப்போய்க் கேட்டபோது, "அடடா, மாறிப் போய்விட்டதே! திருப்பி அனுப்புகிறேன், இதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று மறுமொழி வந்தது. மீண்டும் 2,000 ரூபாய். இம்முறை "திரும்பத் தரும் தொகை" என்று குறிப்பு. அதையும் ஏற்றார். இருப்பு 2,341. மூன்றாவது அறிவிப்பு வந்தபோதுதான், வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகளைத் திறந்து பார்த்தார். இரண்டிலும், கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டது என்றே இருந்தது.

நடந்தது என்ன? 2016ஆம் ஆண்டில் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் பணம் நகர இரு வழிகள் வகுக்கப்பட்டன. ஒன்று, கொடுப்பவர் தாமே தொடங்கி அனுப்புவது. மற்றொன்று, பெற விரும்புகிறவர் தொடங்கி, "எனக்கு இவ்வளவு தருக" என்று கேட்பது. இந்த இரண்டாவதே கோரிக்கை எனப்படுவது. கேட்பவரின் செயலியிலிருந்து புறப்பட்டு, கழகத்தின் இணைப்பு வழியாகக் கொடுக்க வேண்டியவரின் கைபேசிக்கு அது ஓர் அறிவிப்பாக வந்து சேரும். அந்த நிலையில் ஒரு காசும் நகர்ந்திருக்காது. அது வெறும் பில்; வாசலில் நீட்டப்பட்ட சீட்டு. நீங்கள் பேசாமல் இருந்தால் குறித்த நேரத்தில் தானே காலாவதியாகிவிடும். `Decline` என்பதை அழுத்தினால் அப்போதே முடிந்துவிடும்.

`Pay` என்பதை அழுத்தி இரகசிய எண்ணை இட்டால் நடப்பது வேறு. அந்த எண் மறைகுறியாக்கப்பட்டு உங்கள் வங்கிக்குப் போகிறது. வங்கி அதைச் சரிபார்த்து, முதலில் உங்கள் கணக்கில் தொகையைக் கழிக்கிறது. பின்னரே கேட்டவரின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. இரகசிய எண்ணைக் கேட்பது பணம் போகிற பக்கத்து வங்கியே. வருகிற பக்கத்து வங்கிக்கு அதனால் ஆகவேண்டிய வேலை ஒன்றுமில்லை. மணியார்டருக்குக் கையெழுத்து வேண்டியிருந்தது போல, பணம் பெறுவதற்கும் ஓர் ஒப்புதல் வேண்டும் என்று மனம் கருதிவிடுகிறது, யு.பி.ஐ.யில் அப்படிப்பட்ட கையெழுத்தே கிடையாது.

இருப்பைப் பார்ப்பதற்கும் இரகசிய எண் கேட்கப்படுகிறதே என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். உண்மைதான். கணக்கு உங்களுடையது என்று வங்கி உறுதி செய்துகொள்வதற்காக அது கேட்கப்படுகிறது; அதனால் பணம் குறையாது. கிடப்பில் உள்ள கோரிக்கை எதுவும் அதனால் ஏற்கப்பட்டுவிடாது. ஆனால் ஒரு தொகையும் ஒருவர் பெயரும் காட்டப்பட்டு, அதன் கீழே இரகசிய எண் கேட்கப்பட்டால், அந்தத் தொகை அந்தப் பெயருக்குப் போகப்போகிறது என்றே பொருள்.

அப்படியானால் "வரவு" என்ற அந்தக் குறிப்பு? அதை எழுதியது வங்கியும் அன்று, செயலியும் அன்று. கோரிக்கை அனுப்புகிறவர் தம் விருப்பப்படி எழுதக்கூடிய இடம் அது. கடன்காரன் நீட்டும் பில்லின் மேல் "பரிசு" என்று எழுதியிருந்தால் அது பரிசாகிவிடுமா? படிக்க வேண்டியது தொகையையும், பெறுபவர் பெயரையும், பொத்தானில் உள்ள சொல்லையும்.

தனிமனிதர் தனிமனிதருக்கு அனுப்பும் கோரிக்கைக்கு ஒருமுறைக்கு 2,000 ரூபாய் என்ற வரம்பு இருந்தது. மாணவரிடம் இரண்டு தவணையாகக் கேட்டதன் காரணமும் அதுவே. வரம்பு இழப்பைச் சிறிதாக்கிற்றே தவிரத் தடுக்கவில்லை. எனவே 2025ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி முதல் தனிமனிதர்களுக்கு இடையேயான கோரிக்கை முறையையே கழகம் நிறுத்திவிட்டது. அந்தச் சைக்கிள் நாடகத்தை இன்று அதே வடிவில் நடத்த இயலாது.

நாடகம் நின்றுவிட்டதென்று எண்ண வேண்டாம், வேடம் மாறியது. "இந்தக் கட்டப்படத்தை ஸ்கேன் செய்தால் பணம் வரும்" என்று ஒரு க்யூ.ஆர். படத்தை அனுப்புகிறார்கள். அதை ஸ்கேன் செய்தால், பெறுபவர் முகவரியும் தொகையும் நிரம்பிய செலுத்தும் பக்கமே திறக்கும். கடைசிப் படியில் அதே இரகசிய எண். தானாகத் தவணை கழிக்க அனுமதி கேட்கும் அறிவிப்புகளும் உண்டு. அவற்றை ஏற்றால் ஒரு முறை அன்று, பல முறை பணம் போகும்.

போன பணத்தை மீட்பது எளிதன்று. கருவி பழுதாகிக் கழிக்கப்பட்ட தொகை தானே திரும்பி வரும். ஆனால் சரியான இரகசிய எண்ணுடன் போன தொகையை வங்கி, கணக்குக்கு உரியவரே இசைந்து கொடுத்ததாகக் கொள்கிறது. எனினும் உடனே 1930 என்ற எண்ணில் முறையிட்டால், பணம் வேறு கணக்குகளுக்கு மாற்றப்படுமுன் அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

நம் மாணவர் வெட்கத்தினால் மூன்று நாள் வீட்டில் சொல்லவில்லை. நான்காம் நாள் முறையிட்டபோது, 4,000 ரூபாயும் சென்ற கணக்கில் ஒன்றும் மீதமில்லை. அவர் சைக்கிளை விற்கவில்லை. இன்றும் அதில்தான் போய்வருகிறார். அந்த ஒரு ரூபாய் மட்டும் அவருடைய கணக்கில் வரவாக நிற்கிறது.