ஊர் மாறினால் எட்டாம் நம்பர் படிவம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



ஓட்டர் லிஸ்ட் பத்தி ஒரே ஒரு விஷயம் மட்டும் பேசுறேன். கல்யாணமாகி வந்தவங்க, பொழைப்புக்காக ஊர் மாறினவங்க நம்ம குழுக்களில் நிறைய பேர் இருக்கோம்.

எங்க குழுவுக்குப் புதுசா ஒரு தங்கச்சி வந்தாள். பொறந்த ஊரு தேனிப் பக்கம். அங்கேயே ஓட்டர் ஐடி வாங்கி ரெண்டு தடவை ஓட்டும் போட்டிருக்கிறாள். இங்கே வந்ததும் பக்கத்து வீட்டில் சொன்னாங்கன்னு ஆறாம் நம்பர் படிவத்தை எழுதி வைத்திருந்தாள். ஆறு என்பது முதல் முதலாகப் பெயர் சேர்க்கிறவர்களுக்கு. வேறு எங்கேயும் என் பெயர் இல்லை என்று அதில் உறுதிமொழி இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதற்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி அபராதம், இல்லாட்டி ரெண்டுமே என்று சட்டத்தில் இருக்கிறது. ஒரே ஆளுக்கு ரெண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது.

ஏற்கெனவே பெயர் உள்ளவர்களுக்கு எட்டாம் நம்பர் படிவம். முன்னே வேறு தொகுதிக்குப் போனால் ஆறுதான் கொடுக்கணும். 2022-லிருந்து மாத்திட்டாங்க. பழைய ஆட்கள் இன்னும் ஆறுன்னு சொல்றது அதனால்தான். எட்டில் வீடு மாறியது என்பதை டிக் செய்து, வேறு தொகுதியா அதே தொகுதியா என்று குறிக்கணும். பழைய ஓட்டர் ஐடி நம்பரை எழுதணும். அந்த நம்பர் மாறாது, புது விலாசத்தோடு கார்டு வரும். பழைய ஊரில் பெயர் எடுக்க நாம் தனியாக அலைய வேண்டாம்.

அவளுக்கு இடித்தது விலாச ஆதாரம்தான். வாடகை வீடு, கரண்ட் பில் வீட்டுக்காரர் பேரில். அதனால் முதலில் ஆதாரில் விலாசத்தை மாத்தினாள், பிறகு அதன் நகலில் கையெழுத்துப் போட்டு வைத்தாள். பேங்க் பாஸ்புக்கும் ஆகும், புது விலாசம் அதில் இருக்கணும். புருஷன் பேரில் உள்ள ஆதாரமும் செல்லும், ஆனா அவர் பெயர் அதே விலாசத்தில் லிஸ்டில் ஏறியிருக்கணும்.

படிவத்தை நம்ம வாக்குச்சாவடி அலுவலரிடம் கொடுக்கலாம். பல ஊரில் டீச்சரோ அங்கன்வாடி அக்காவோதான் அந்த வேலை பார்க்கிறாங்க. செல்போனில் voters.eci.gov.in வழியாகவும் அனுப்பலாம், காசு கிடையாது. விசாரிக்க வீட்டுக்கு வருவாங்க. வீடு பூட்டியிருந்து, பக்கத்து வீட்டிலும் இவளைத் தெரியாதுன்னு சொல்லிட்டா மனு தள்ளுபடி ஆகலாம். அவள் மில்லுக்குப் போறவள், அதனால் எதிர் வீட்டு அக்காவிடம் போன் நம்பரோடு சொல்லி வைத்தாள்.

தேர்தல் அறிவிச்ச பிறகு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. ஆட்சேபணைக்கு ஒரு வாரம் விடணும், வேட்புமனு கடைசி நாள் தாண்டினால் பெயர் ஏறாது. அப்படி நின்னு போனால் அந்த ஒரு தேர்தலுக்கு பழைய ஊர் லிஸ்டில் பெயர் இருக்கிறவரைக்கும் அங்கே போய்த்தான் ஓட்டுப் போடணும்.

கையில் கார்டு இருப்பதை நம்பாமல் லிஸ்டில் பாகம் எண், வரிசை எண் பாருங்க. தெரியலேன்னா 1950-க்கு போன் போடுங்க. அந்தத் தங்கச்சி பெயர் இப்போ நம்ம பள்ளிக்கூட பூத் லிஸ்டில் இருக்கு, நானே பார்த்தேன்.